பெட்டி கேஷ்: தொகை, வவுச்சர், குறையும் பணம்

கேள்வி: பணம் தீரும்போதெல்லாம் காசாளருக்கு 3,000, 5,000 என்று முழுத்தொகையாகக் கொடுக்கிறோம். மாதக் கடைசியில் கணக்கு நேராவதே இல்லை. எங்கே தவறு?

முழுத்தொகையாகக் கொடுப்பதுதான் தவறு. அப்படிக் கொடுத்தால், எந்த ஒரு நாளிலும் பெட்டியில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது யாருக்கும் தெரியாது. பழைய பதிவுகளை எல்லாம் கூட்டிக் கழித்தால்தான் தெரியும்.

முன்பண மீட்பு முறைக்கு மாறுங்கள். முதலில் ஒரு நிலையான தொகையை முடிவு செய்யுங்கள். 10,000 என்று வைத்துக்கொள்வோம். அதன்பின் எந்த நேரத்தில் பெட்டியைத் திறந்தாலும் ரொக்கமும் வவுச்சர்களும் சேர்ந்து 10,000 வர வேண்டும். மறுபடி பணம் தந்து மீட்கும்போது, ஒப்படைத்த வவுச்சர்களின் மொத்தம் எவ்வளவோ அவ்வளவுதான் தர வேண்டும். 7,264 என்றால் 7,264. அதை 7,500 ஆக்கக் கூடாது. பேரேட்டிலும் வேலை குறைகிறது. பெட்டி கேஷ் கணக்கு 10,000 என்றே நிற்கும். மீட்கும் நாளில் அந்தந்தச் செலவுக் கணக்கில் பற்று, வங்கிக் கணக்கில் வரவு, அவ்வளவுதான்.

தொகையை முடிவு செய்ய, கடந்த மூன்று மாதச் சில்லறைச் செலவை வாரவாரியாகப் பிரித்துப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு வாரங்களில் அதிகபட்சம் எவ்வளவு போயிருக்கிறதோ, அதற்குச் சற்று மேலே வைத்தால் போதும். இரண்டு நாளுக்கு ஒருமுறை மீட்க வேண்டியிருந்தால் தொகை சிறியது. மாதம் முழுதும் பாதிப்பணம் தொடப்படாமல் கிடந்தால் பெரியது. சும்மா கிடக்கும் அந்தப் பாதியிலிருந்துதான் கைமாற்று தொடங்கும்.

கேள்வி: கடையில் வாங்கும் வவுச்சர் புத்தகத்தில் பதினைந்து கட்டங்கள் இருக்கின்றன, பாதியை யாரும் நிரப்புவதில்லை. நாமே அச்சடித்தால் எவை கட்டாயம்?

நிரப்பாத கட்டத்தால் தீமை உண்டு. வெற்றிடத்தைப் பார்த்துப் பழகிய கண், முக்கியமான கட்டம் காலியாக இருந்தாலும் தாண்டிப் போய்விடும். ஏ4 தாளில் கால்வாசி அளவு போதும். தேவையானவை: அச்சிட்ட வரிசை எண், தேதி, எதற்காக, செலவுக் கணக்கு, தொகை எண்ணாலும் எழுத்தாலும், பணம் பெற்றவர் கையெழுத்து, ஒப்புதல் தந்தவர் கையெழுத்து. காசாளருக்கு ஒரு சுருக்கொப்பமிட இடம் விட்டால் போதும்.

வரிசை எண்ணை அச்சகத்திலேயே போட்டு வாங்குங்கள். கையால் எண் போட்டால், காணாமல் போன வவுச்சரை யாரும் தேட மாட்டார்கள். அடுத்ததற்கு அந்த எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். தவறாக எழுதியதைக் கிழிக்காமல் ‘ரத்து’ என்று குறுக்கே எழுதிப் புத்தகத்திலேயே விடுங்கள்.

‘எழுத்தால்’ என்ற வரியை வீண் என்று நினைத்து நீக்குபவர்கள் அதிகம். 40 என்று எழுதிய வவுச்சரில் முன்னால் ஒரு கோடு இழுத்தால் 140. ‘நாற்பது மட்டும்’ என்பதை அப்படி மாற்ற முடியாது. தொகைக் கட்டத்தைக் குறுகலாக வைப்பதும், எண்ணை இடது ஓரத்தை ஒட்டியே தொடங்கச் சொல்வதும் கூடுதல் பாதுகாப்பு.

‘எதற்காக’ என்ற இடத்துக்கு இரண்டு வரி விடுங்கள். ‘இதர செலவு’ என்று எழுதி வந்தால் திருப்பி அனுப்புங்கள். செலவுக் கணக்குக்கு மட்டும் வெற்றுக் கோடு வேண்டாம். நீங்கள் அடிக்கடி பயன்படுத்தும் ஐந்தாறு தலைப்புகளை அச்சிட்டு டிக் செய்ய விடுங்கள். மீட்கும் நாளில் தலைப்புவாரியாகப் பிரித்துக் கூட்டினால், தனியாகச் சில்லறை ரொக்க ஏடு எழுதும் வேலையே பல அலுவலகங்களுக்கு மிச்சமாகும்.

பணம் கொடுத்தவுடன் வவுச்சரிலும் பில்லிலும், இரண்டிலும், ‘செலுத்தப்பட்டது’ முத்திரை விழ வேண்டும். வவுச்சரில் மட்டும் குத்தினால், பில்லைக் கழற்றி அடுத்த மாதம் புது வவுச்சரில் கோர்க்கலாம். இன்னொன்று: வெப்ப அச்சு பில்லை ஒட்டும்போது எழுத்தின் மேல் செலோ டேப் போடாதீர்கள், சீக்கிரமே வெளுத்துவிடும். ஓரத்தில் ஸ்டேப்லர் பின் போதும்.

கேள்வி: திடீரென எண்ணிப் பார்த்ததில் 270 குறைகிறது. காசாளர் நேர்மையானவர். அவரிடமே வாங்கிவிடலாமா?

அவசரப்படாதீர்கள், முதலில் எண்ணைப் பாருங்கள். நிலைத்தொகை 10,000 என்று கொள்வோம். ரொக்கம் 2,815, வவுச்சர்கள் 6,415, செலவுக்கு முன்கூட்டியே வாங்கிப் போன பணத்துக்கான, இன்னும் திரும்பாத முன்பணச் சீட்டு ஒன்று 500. மொத்தம் 9,730.

குறை 270 என்பது 9-ஆல் மீதியின்றி வகுபடுகிறது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் இப்படித்தான் இருக்கும். 270-ஐ 90-ஆல் வகுத்தால் 3. எனவே நூறாம் இடத்து இலக்கத்துக்கும் பத்தாம் இடத்து இலக்கத்துக்கும் 3 வித்தியாசமுள்ள வவுச்சர்களை மட்டும் எடுத்துப் பில்லோடு ஒப்பிடுங்கள். 360 என்று எழுதிய வவுச்சரின் பின்னால் 630-க்கான பில் இருந்தால் விஷயம் முடிந்தது. கொடுத்தது 630, எழுதியது 360. திருத்தினால் வவுச்சர்கள் 6,685 ஆகும், மொத்தம் 10,000 நேராகும். திருத்திய இடத்தில் பணம் பெற்றவரும் ஒப்புதல் தந்தவரும் மறுபடி கையெழுத்திட வேண்டும்.

இப்போது மீட்டால் 6,685 மட்டுமே தர வேண்டும். முன்பணச் சீட்டின் 500 இன்னும் செலவாகவில்லை. பில்லாகவோ பணமாகவோ அது திரும்ப வேண்டும். சீட்டுக்கு இரண்டு வேலைநாள் கெடு வையுங்கள். ஒரே பெயரில் வாரக்கணக்கில் கிடக்கும் சீட்டுக்கு உண்மையான பெயர் கடன்.

9-ஆல் வகுபட்டாலும் காரணம் வேறாக இருக்கலாம், இது தேடத் தொடங்கும் இடம் மட்டுமே. தேடியும் கிடைக்காவிட்டால் ‘ரொக்கக் குறைவு’ கணக்கில் வெளிப்படையாக எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் கைப்பணத்தைப் போடச் சொன்னால், அதிகமாக இருக்கும் நாளில் காசாளர் அதை எடுத்து ஒதுக்கி வைத்துக்கொள்வார், குறையும் நாளில் அதைக் கொண்டு நிரப்புவார். பெட்டி எப்போதும் சரியாக இருக்கும். பிழை மட்டும் உங்களுக்குத் தெரியவே வராது.

கேள்வி: ஐம்பது, நூறு செலவுக்குக்கூட மேலாளரின் முன் ஒப்புதல் வேண்டியிருக்கிறது. குறைக்க வழி உண்டா?

உண்டு. இரண்டு வரம்பு வையுங்கள். கீழ் வரம்புக்குள் இருப்பதற்கு முன் ஒப்புதல் வேண்டாம். மீட்கும்போது மேலாளர் கட்டாகப் பார்த்து ஒப்பமிட்டால் போதும். அதற்கு மேல், உச்சவரம்பு வரை, முன் ஒப்புதல். உச்சவரம்பைத் தாண்டினால் அது பெட்டி கேஷ் செலவே அல்ல, வழக்கமான கொள்முதல் வழியில் போக வேண்டும். அன்றாடப் பயணக் கட்டணத்துக்குத் தினம் ஒரு வவுச்சர் எதற்கு? தேதிவாரியாகப் பட்டியல் எழுதி, வாரத்துக்கு ஒரே வவுச்சராகப் போடலாம்.

இதில் வரும் கள்ளத்தனம், செலவைத் துண்டாக்குவது. உச்சவரம்பு 500 என்றால் ஒரே நாளில், ஒரே கடையில், அடுத்தடுத்த பில் எண்களில் 480-ம் 470-ம் வரும். ‘ஒரே தேவைக்கு வாங்குவது எத்தனை பில்லாக வந்தாலும் ஒரே செலவு’ என்ற வரியை விதியிலேயே எழுதிவிடுங்கள். ஒப்பமிடுபவர் தேதி வரிசையில் புரட்டினாலே கண்ணில் படும்.

கேள்வி: பில்லே தராத இடங்களுக்கு?

வவுச்சரின் பின்பக்கம் ‘பில் கிடைக்காத காரணம்’ என்று ஒரு வரி அச்சிட்டு, செலவழித்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள். இதற்குத் தனியாக ஒரு சிறிய வரம்பு இருக்கட்டும். பில் இல்லாத வவுச்சர்கள் ஒரே ஆளிடமிருந்து திரும்பத் திரும்ப வந்தால் விசாரியுங்கள்.

கேள்வி: ஆண்டு முடியும் நாளில் பெட்டியில் வவுச்சர்கள் மிச்சமிருந்தால்?

அன்றே மீட்டுவிடுவது எளிது. விட்டுவிட்டால் இந்த ஆண்டுச் செலவு அடுத்த ஆண்டில் போய் விழும். இருப்புநிலைக் குறிப்பில் 10,000 ரொக்கம் என்று நிற்கும், பெட்டியில் இருப்பதோ 2,815. பணம் தர வசதிப்படாவிட்டால், வவுச்சர்களைச் செலவாக எழுதிப் பெட்டி கேஷ் கணக்கை அந்த அளவு குறைத்துக் காட்டுங்கள். புத்தாண்டில் மீட்கும் பணம் அதே கணக்கில் பற்றாக வந்தால் நிலைத்தொகை பழையபடி ஆகிவிடும்.