பால் குடுத்துக்கிட்டே ஒத்தக் கையில சாப்பிட: கார பிடி கொழுக்கட்டை

கேள்வி: பாப்பாவுக்கு 25 நாளாச்சுங்க. அம்மாவுக்கு முடியலைன்னு ஊருக்குப் போயிட்டாங்க. வீட்டுக்காரர் காலையில 8 மணிக்கு பனியன் கம்பெனிக்குக் கிளம்பினா ராத்திரிதான் வருவார். பாப்பா மணிக்கொருக்கா பால் குடிக்குது. ஒரு கையிலயே சட்டுன்னு சாப்பிடற மாதிரி என்ன செஞ்சு வெக்கலாம்?

பதில்:

பிசைய வேண்டியது, ஒழுகறது, ஆவி பறக்கறது, இந்த மூணும் பாப்பா மடியில இருக்கறப்ப வேண்டாங்க. சோறும் குழம்பும் இதுலயே கழிஞ்சுபோகும். மிச்சத்துல வயிறு நெறையறது கார பிடி கொழுக்கட்டைதான்.

ஒரு டம்ளர் அரிசி நொய், கால் டம்ளர் பாசிப்பருப்பு. பருப்பை அரை மணி நேரம் ஊற வெச்சு வடிச்சுக்கங்க. வடச்சட்டியில ரெண்டு ஸ்பூன் கடலெண்ணெய் விட்டு கடுகு, உளுத்தம்பருப்பு தாளிச்சு, ரெண்டேகால் டம்ளர் தண்ணியும் உப்பும் போட்டுக் கொதிக்க விடுங்க. தாளிப்புல வரமிளகாய் வேண்டாம். அந்தக் காரம் விரல்லயே நிக்கும், அதே விரல்ல பாப்பா வாயைத் தொடச்சா வீல்னு கத்தும். அரை ஸ்பூன் மிளகையும் சீரகத்தையும் தட்டிப் போட்டாப் போதும். கறிவேப்பிலையைப் பொடியா நறுக்கிடுங்க. முழு இலையா இருந்தா எடுத்துப் போட இன்னொரு கை வேணும்.

தண்ணி கொதிச்சதும் பருப்பையும் நொய்யையும் கொட்டிக் கிளறி, தீயைக் குறைச்சு மூடி வெச்சா 6, 7 நிமிஷத்துல தண்ணி வத்திடும். நொய் முக்கால் வேக்காடுதான் இருக்கணும், மீதி ஆவியில வேகும். கை பொறுக்கற சூட்டுக்கு வந்ததும் எலுமிச்சங்காய் அளவு எடுத்து, விரல் தடம் பதியற மாதிரி அழுத்திப் புடிங்க. 12, 14 வரும். ரெண்டு கடியில முடியற அளவுதான் சரி. பெருசாப் புடிச்சா கடிக்கறப்ப ஒடைஞ்சு பாப்பா மேல உதிரும்.

புடிக்கறப்பவே விரிசல் விட்டா தண்ணி பத்தலைன்னு அர்த்தம், இல்லாட்டி ரொம்ப ஆறிப்போச்சு. ரெண்டு ஸ்பூன் சுடுதண்ணி தெளிச்சுப் பிசைஞ்சா சேர்ந்துக்கும். கையில அப்பிக்கிட்டா தண்ணி கூடிப்போச்சு. வட்டல்ல பரப்பி கொஞ்ச நேரம் காத்தாட விடுங்க.

ராத்திரியே புடிச்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டா, காலையில அவர் கிளம்பறதுக்கு முன்னாடி இட்லிப் போசியில வெச்சு 15 நிமிஷம் வேக விட்டுத் தரலாம். அஞ்சாறு மட்டும் வெளியில இருக்கட்டும், ஆறின மீதி ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும். திருப்பூர் வெயில்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய வெக்க வேண்டாங்க. அரிசிச் சோத்துல வளர்ற ஒருவகைக் கிருமியோட நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. தேங்காய் போட்டா இன்னும் சீக்கிரம் ஊசிடும், அதனாலதான் அதைச் சேர்க்கலை. ஃப்ரிட்ஜ்ல இருக்கறது கல்லு மாதிரி ஆயிடும். 5 நிமிஷம் ஆவி காட்டினா பழையபடி மெதுவாயிடும், அன்னைக்கே தீர்த்துடுங்க.

பலரும் கவனிக்காத ஒண்ணு மூடி. எவர்சில்வர் சம்புடம் இறுகிப் போனா ஒத்தக் கையில தொறக்கவே முடியாது. வட்டல்ல வெச்சு இன்னொரு வட்டலைக் கவுத்துங்க.

அப்பறம், எந்தப் பக்கம் குடிக்குதுன்னு பாருங்க. இடது பக்கம் குடிக்கறப்ப பாப்பா தலை இடது கையில இருக்கும், சோத்துக்கை உங்களுது. வலது பக்கம்னா அந்தக் கை மாட்டிக்கும். அதனால இடது பக்கம் குடிக்கறப்ப சாப்பிடுங்க, வலது பக்கம் குடிக்கறப்ப தண்ணி குடிங்க. உறிஞ்சறாப்பல மூடி இருக்கற பாட்டில் நல்லது. பாப்பா நல்லா கவ்வி, முழுங்கற சத்தம் கேட்ட பொறகு சாப்பிட ஆரம்பிங்க. சூடான டீ, காப்பி மட்டும் பாப்பாவைத் தொட்டில்ல போட்ட பொறகுதான்.

கொழுக்கட்டை சலிச்சா முந்தியே உரிச்சு வெச்ச அவிச்ச முட்டை ரெண்டு, நுனியைக் கிள்ளி வெச்ச வாழைப்பழம், எள்ளுருண்டை. அரிசிம்பருப்புச் சோறுதான் வேணும்னா கொஞ்சம் குழைய விட்டு, ஆற வெச்சு, கைப்பிடி வெச்ச கப்புல ஸ்பூன் போட்டுக்கங்க. கப்பு பக்கத்து ஸ்டூல்ல இருக்கட்டும், மடியில வேண்டாம்.

பால் குடுக்கற தாய்க்கு மொத ஆறு மாசம் தினமும் 600 கலோரி வரைக்கும் கூட வேணும். பருப்பு தின்னா பாப்பாவுக்கு வாயு புடிக்கும்னு பெரியவங்க தடுத்தா, நம்ம வயித்து வாயு பாலுக்குப் போகாதுங்க. பச்ச உடம்புன்னு தண்ணியைக் குறைக்கச் சொல்றதையும் கேக்க வேண்டாம். தாகம் எடுக்கறப்பெல்லாம் குடிங்க.