இன்வாய்ஸ் எண் இல்லாமல் வந்த டாலர்: வாங்கியவரின் வங்கிக்கு என்ன எழுதலாம்?

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து நைரோபிக்கு உதிரிபாகம் அனுப்புகிறோம். டாலர் வந்துவிட்டது, ஆனால் எந்த இன்வாய்ஸுக்கு என்று இல்லை. பணத்தை டிரேஸ் செய்யச் சொல்லி அவர்களுடைய வங்கிக்கு எப்படி மின்னஞ்சல் எழுதுவது?

முதலில் 'டிரேஸ்' என்று எழுதாதீர்கள். வராத பணத்தைத் தேடத்தான் வங்கிக்காரர்கள் அப்படிச் சொல்வார்கள். பணம் வந்துவிட்ட பிறகு அதே சொல்லைப் போட்டால், ஏதோ தவறிவிட்டது என்று விசாரணையைத் தொடங்கி, அதற்குக் கட்டணமும் கேட்பார்கள். உங்களுக்கு வேண்டியது அனுப்பியவர் எழுதிய குறிப்பு, அவ்வளவுதான்.

அந்த வங்கிக்கு எழுதுவதற்கு முன்னால், இங்கே உங்கள் வங்கியிடம், பணத்தோடு வந்த ஸ்விஃப்ட் செய்தியின் முழு நகலைக் கேளுங்கள். வங்கிக் கணக்கு அறிக்கையில் ஒரு வரிதான் தெரியும், செய்திக்குள்ளே நிறைய இருக்கும். அந்தச் செய்தி பழைய வடிவமான MT103 என்றால் 70-ஆம் புலத்தில் 35 எழுத்து கொண்ட நான்கு வரிகள் வரை குறிப்பு எழுதலாம்; இப்போதைய வடிவமான pacs.008-இல் அதற்குத் தனிப் பகுதியே உண்டு. UETR என்ற 36 எழுத்து அடையாளமும் அங்கேதான் இருக்கும், அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எந்த வங்கியும் இந்தப் பணத்தைச் சரியாகக் கண்டுபிடிக்க அது ஒன்றே போதும். பல சமயம் குறிப்பு காலியாகவே இருக்கும். வாங்கியவரின் அலுவலகத்தில் இன்வாய்ஸ் எண்ணை இணைய வங்கியின் 'சொந்தக் குறிப்பு' பெட்டியில் தட்டியிருப்பார்கள், அது அவர்கள் திரையைத் தாண்டி வெளியே போவதே இல்லை.

எண்களை மாற்றி ஒரு உதாரணம் சொல்கிறேன். நிலுவையில் மூன்று இன்வாய்ஸ்: 6,240, 9,850, 12,225 டாலர். வந்தது 18,440. முதலாவதையும் மூன்றாவதையும் கூட்டினால் 18,465, வழியில் நியூயார்க் வங்கி 25 டாலர் பிடித்துக்கொண்டது என்று முடித்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் இரண்டாவதையும் மூன்றாவதையும் கூட்டினால் 22,075. ஒரு பெட்டி உடைந்து வந்ததாக அந்த வாடிக்கையாளர் 3,635 கழிவு கேட்டுக்கொண்டிருந்தார், அதைக் கழித்தாலும் அதே 18,440! ஊகித்துப் பதிவு செய்தால், நீங்கள் ஒப்புக்கொள்ளாத கழிவை உங்கள் கணக்கே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

இதைத் தீர்ப்பது அனுப்பியவர் கட்டளையிட்ட தொகை, MT103-இல் 33B என்ற புலம். அது 18,465 என்று இருந்தால் வழிக்கட்டணம். 18,440 என்றே இருந்தால் கழித்துத்தான் அனுப்பியிருக்கிறார். உங்கள் வங்கி தரும் நகலிலேயே இது கிடைத்துவிட்டால் கணக்குப் புதிர் பாதி தீர்ந்தது.

அதிலும் இல்லையென்றால் மின்னஞ்சல். நீங்கள் அந்த வங்கியின் வாடிக்கையாளர் இல்லை, ரகசியக் காப்பு என்று பதில் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். அதனால் வாங்கியவரை நகலில் வைத்து, அவரையே "விவரம் கொடுக்கச் சம்மதம்" என்று தன் வங்கிக்கு எழுதச் சொல்லுங்கள். மடல் ஆங்கிலத்தில்தான் போகும், சாரம் இது:

> பொருள்: வரவாகிவிட்ட பணம், குறிப்பு விவரம் வேண்டி (திருப்பி அனுப்பக் கேட்கவில்லை)
>
> உங்கள் வாடிக்கையாளர் (பெயர்) அனுப்பிய 18,440.00 அமெரிக்க டாலர், (தேதி) அன்று எங்கள் கணக்கில் வரவாகிவிட்டது. UETR: (எண்). அதில் இன்வாய்ஸ் குறிப்பு இல்லை. வாடிக்கையாளர் கட்டளையிட்ட தொகை, கட்டண முறை, விண்ணப்பத்தில் அவர் எழுதிய குறிப்பு ஆகிய மூன்றையும் அவருடைய சம்மதத்துடன் தெரிவிக்கவும். எங்கள் வங்கிக் கணக்கு விவரத்தில் எந்த மாற்றமும் இல்லை.

கடைசி வரி அலங்காரம் இல்லை. கணக்கு மாறிவிட்டது என்று போலி மின்னஞ்சல் அனுப்பிப் பணத்தைத் திருப்பிவிடும் மோசடி இந்தத் தொழிலில் சகஜம், வங்கிக்காரர் முதலில் சந்தேகப்படுவதே அதைத்தான். அதே காரணத்துக்காக முழுக் கணக்கு எண்ணையும் இன்வாய்ஸ் நகல்களையும் இணைக்காதீர்கள், இன்வாய்ஸ் எண்கள் போதும்.

பதில் வராவிட்டால் உங்கள் வங்கியையே ஸ்விஃப்ட் வழியாகக் கேட்கச் சொல்லுங்கள். கட்டணம் உண்டு, ஆனால் வங்கி வங்கியிடம் கேட்டால் பதில் வரும். அதுவரை அந்தத் தொகையை எந்த இன்வாய்ஸிலும் கழிக்காமல் வாங்கியவர் பெயரில் 'பொருத்தப்படாத வரவு' என்று போட்டு வையுங்கள். நடுவில் அவரே "அதிகமாக அனுப்பிவிட்டேன், இந்த வேறு கணக்குக்கு மீதியை அனுப்புங்கள்" என்று கேட்டால் அனுப்பிவிடாதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பழைய எண்ணில் அழைத்துப் பேசி உறுதி செய்த பிறகு, வந்த வழியிலேயே உங்கள் வங்கி மூலம்தான் திருப்ப வேண்டும்.