பக்கத்தில் சூப்பர் மார்க்கெட் வருகிறது: விலையைக் குறைக்கலாமா, கடையை மாற்றலாமா?

கேள்வி: காரைக்குடியில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மாசம் மூணு லட்சம் வியாபாரம். எங்கள் தெருமுனையில் தை மாசம் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் திறக்கிறார்கள். எல்லாச் சாமானிலும் அஞ்சு பர்சென்ட் விலையைக் குறைத்துவிட்டால் சமாளிக்கலாமா? நாலு லட்சத்துக்கு ரேக், ஏசி, பில்லிங் மிஷின் எல்லாம் போட்டுத் தருகிறேன், லோனும் நானே வாங்கித் தருகிறேன் என்று ஒருத்தர் வீட்டுக்கே வந்து போகிறார். ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். முதலில் விலையைப் பார்ப்போம்.

மூன்று லட்சம் வியாபாரத்தில் சரக்கு வாங்கிய காசு 2,70,000 என்று வைத்துக்கொள்வோம். கையில் நிற்பது 30,000. வாடகை, கரண்ட், கடைப் பையன் சம்பளம், ஆட்டோ கூலி எல்லாம் 14,000 போனால் வீட்டுக்கு 16,000. எல்லா விலையிலும் ஐந்து சதவீதம் குறைத்தால் அதே சரக்கு 2,85,000க்குத்தான் விற்கும். வாங்கிய காசு குறையாது. நிற்பது 15,000, செலவு போக ஆயிரம் ரூபாய் மிஞ்சும். பழைய 30,000 வரவேண்டுமானால் இப்போது விற்பதைப் போல் இரண்டு மடங்கு சரக்கு விற்க வேண்டும். எதிரே புதுக் கடை திறக்கும் மாதத்தில் அது நடக்காது. இந்தக் கணக்கைப் போடாமல் விலையைக் குறைத்தவர்கள் ஆறே மாதத்தில் முதலைத் தின்றுவிட்டு, அப்புறம் தண்டல்காரரிடம் போய் நிற்கிறார்கள்.

ஆனால் சில சாமான்களில் விலையைக் குறைத்தே ஆகவேண்டும். ஜனங்கள் எல்லா விலையையும் மனதில் வைத்திருப்பதில்லை. சீனி, துவரம்பருப்பு, உளுந்து, சமையல் எண்ணெய், இட்லி அரிசி இப்படிப் பத்துப் பொருளின் விலையைத்தான் கடைக்குக் கடை ஒப்பிடுகிறார்கள். உங்கள் கடையில் அந்தப் பத்து எது என்று ஊகிக்காதீர்கள். ஒரு வாரம் ஒரு சீட்டை வைத்துக்கொண்டு, "என்ன விலை?" என்று கேட்டுவிட்டு வாங்குகிற சாமானை மட்டும் குறித்து வாருங்கள். பெருங்காயத்துக்கு யாரும் விலை கேட்க மாட்டார்கள், சீனிக்குக் கேட்பார்கள். குறித்த பத்தும் சேர்ந்து மாதம் 75,000 ரூபாய்க்கு ஓடுகிறது என்றால், அதில் மட்டும் நாலு சதவீதம் குறைத்தால் 3,000 ரூபாய்தான் போகும். பதினைந்தாயிரம் போவதும் மூவாயிரம் போவதும் ஒன்றல்ல. அந்தப் பத்து விலையையும் கடை வாசலில் கரும்பலகையில் பெரிதாக எழுதி, தினம் காலையில் மாற்றுங்கள்.

திறப்பு விழா மாதத்தில் அவர்கள் சீனியை நீங்கள் வாங்குகிற விலைக்கும் கீழே விற்பார்கள். அதைத் துரத்தாதீர்கள். பெரிய கடைக்குக் கம்பெனியிலிருந்தே நேராகச் சரக்கு இறங்குகிறது, உங்களுக்கு டீலர் வழியாக வருகிறது. அவர்களுடைய விற்பனை விலை உங்கள் டீலர் விலையை விடக் குறைவாக இருக்கிற பொருள்கூட உண்டு. இது அநியாயம். கேட்பதற்கு ஆள் இல்லை என்பதால் வருஷா வருஷம் தொடர்கிறது. அந்த வாரங்களில் சீனி மூட்டையை மட்டும் குறைவாக எடுத்துவிட்டு வேறு இடத்தில் நில்லுங்கள்.

அந்த வேறு இடம் கல்பாசி, மராத்தி மொக்கு, அன்னாசிப்பூ, சோம்பு, குண்டு மிளகாய், கவுனி அரிசி. செட்டிநாட்டுச் சமையலுக்கு இவை இல்லாமல் முடியாது. சூப்பர் மார்க்கெட்டில் இவை ஐம்பது கிராம், நூறு கிராம் பாக்கெட்டாகத் தொங்கும். ஒரு குழம்புக்குக் கல்பாசி இரண்டு சிட்டிகை போதும். மீதி டப்பாவில் கிடந்து வாசம் போய்விடும். பத்து ரூபாய்க்குக் கல்பாசி என்று கேட்டால் தருகிற கடை உங்களுடையது ஒன்றுதான். இந்தச் சாமானில் பத்து அல்ல, இருபது சதவீதம் வைத்து விற்கலாம். மாதம் இன்னும் 15,000 ரூபாய்க்கு விற்றால், பத்துப் பொருளில் விட்ட மூவாயிரம் திரும்பிவிடும்.

சரக்கு நன்றாக இருந்தால்தான் இது நிற்கும். குண்டு மிளகாய் மாசி, பங்குனியில் புதிதாக வரும்போது ஈரத்தோடு மலிவாகக் கிடைக்கும். கையில் எடுத்துக் காதருகே குலுக்குங்கள். காய்ந்த மிளகாய் என்றால் உள்ளே விதை கலகலவென்று ஆடும். சத்தம் இல்லாமல், அமுக்கினால் தோல் வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது. இருபது கிலோ வாங்கிக் காயவைத்தால் பத்தொன்பது கிலோதான் மிஞ்சும், அந்த ஒரு கிலோ உங்கள் லாபத்திலிருந்து போகிறது. காயவைக்காமல் மூட்டையிலேயே விட்டால் காம்புப் பக்கம் பூசணம் பிடித்து மூட்டை முழுக்கக் கெடும். கல்பாசியில் மரப்பட்டைத் துண்டும் தூசியும்தான் எடை கூட்டும். வாங்குகிற இடத்திலேயே ஒரு கைப்பிடியைச் சல்லடையில் தட்டிப் பாருங்கள்.

இங்கே பாக்கெட் போடுவது பற்றிய ஒரு விதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சூப்பர் மார்க்கெட் மாதிரி தெரியவேண்டும் என்று நிறையப் பேர் இதில் மாட்டுகிறார்கள். வாடிக்கையாளர் கண் முன்னால் நிறுத்துக் கொடுத்தால் அது உதிரி. முன்கூட்டியே நிறுத்து, கவரில் போட்டு, ஒட்டி அடுக்கிவிட்டால் அது பாக்கெட். பாக்கெட் என்றால் அதன் மேல் பொருளின் பெயர், நிகர எடை, அதிகபட்ச விலை, எந்த மாதம் எந்த வருஷம் கட்டியது, கட்டியவர் பெயர் முகவரி, புகாருக்கு ஒரு தொடர்பு எண் எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். கம்பெனி போடுகிற பாக்கெட்டுக்கும் உங்கள் மேஜையில் கட்டுகிற கவருக்கும் ஒரே சட்டம். வீட்டம்மாவும் பையனும் மட்டும் உட்கார்ந்து கவர் கட்டுகிற கடைக்கு இது பெரிய பாரம். ஆனாலும் எடை ஆய்வாளர் வந்து கேட்டால் அபராதம் கட்டத்தான் வேண்டும். பத்து கிராமும் அதற்குக் குறைவும் எடை கொண்ட பாக்கெட்டுக்கு அந்த எடைச் சட்டத்தின் விதிகளில் விலக்கு உண்டு. ஐந்து ரூபாய்க் கல்பாசிப் பொட்டலம் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். ஐம்பது கிராம் சோம்பு அடங்காது. அரிசி, பருப்பில் வரி விஷயமும் சேர்ந்துகொள்கிறது: 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை முன்கூட்டியே கட்டி லேபிள் போட வேண்டிய பாக்கெட்டுக்கு ஐந்து சதவீத ஜிஎஸ்டி, உதிரியாக நிறுத்துக் கொடுத்தால் வரி இல்லை. அதனால் அரிசி, பருப்பை டப்பாவில் உதிரியாகவே வையுங்கள், கேட்கும்போது நிறுங்கள். எலக்ட்ரானிக் தராசில் இந்த வருஷத்து முத்திரை இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள். அது வருஷத்துக்கு ஒரு தடவை போட வேண்டியது.

உங்கள் ஊரில் இன்னொரு பெரிய வரும்படி விசேஷ வீட்டு மளிகை. கல்யாணத்துக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும் வெளியூரிலிருந்து வந்து பூட்டிய வீட்டைத் திறக்கிறவர்களுக்கு, லிஸ்ட்டைக் கையில் கொடுத்தால் அப்படியே வந்து இறங்க வேண்டும். சமையல்காரர் எழுதிய சீட்டை வாங்கிச் சாமானை ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். முதல் நாள் ராத்திரி, கல்யாணக் காலைப் பலகாரம், மத்தியானச் சாப்பாடு என்று வேளை வாரியாகப் பிரித்து, மூட்டை மேல் எழுதி அனுப்புங்கள். அடுப்படியில் நின்று தேடுகிற வேலை போனால் சமையல்காரர் அடுத்த வீட்டுக்கும் உங்களையே சொல்வார். பாதிப் பணம் முன்பணம். பிரிக்காத மூட்டையை மூன்று நாளுக்குள் கொண்டுவந்தால் பில் போட்ட விலைக்கே திரும்ப எடுப்பதாகச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். உடைத்த எண்ணெய் டின், வெல்லம், நெய் மட்டும் கிடையாது. 60,000 ரூபாய் ஆர்டரில் ஆறு சதவீதம் வைத்தால் 3,600 நிற்கும். கமிஷன் கேட்டு, அதற்காக விலையை ஏற்றிப் போடச் சொல்கிற சமையல்காரரும் வருவார். ஒத்துக்கொள்ளாதீர்கள். விசேஷ வீட்டில் பில்லைக் கணக்குப் பார்க்கிற பெரியவர் ஒருவர் இருப்பார். அவர் கண்டுபிடித்தால் அந்த உறவு முழுதும் உங்கள் கடைக்கு வராது.

இனி அந்த நாலு லட்சத்து ஆள். இப்படிப்பட்டவர்கள் சூப்பர் மார்க்கெட் போர்டு மாட்டுகிற ஊருக்கெல்லாம் முதலில் வந்து விடுகிறார்கள். கடன் வங்கியிலிருந்து வரும், பணம் உங்கள் கைக்கு வராது. கொட்டேஷன் கொடுத்த ரேக் கடைக்கே நேராகப் போகும். அந்தக் கொட்டேஷனைக் கொடுப்பவர் இவரே, அல்லது இவருடைய கூட்டாளி. அதே ரேக்கை மதுரையில் நீங்களே நாலு கடையில் விலை கேட்டுப் பாருங்கள், கொட்டேஷனில் எவ்வளவு ஏற்றியிருக்கிறார் என்று தெரிந்துவிடும். நாலு லட்சத்துக்குப் பன்னிரண்டு சதவீத வட்டி, ஐந்து வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 8,900. வீட்டுக்கு வருகிற 16,000த்தில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விட்டது. ஏசிக்கு ஏறும் கரண்ட் பில் தனி. குளிரில் நின்று சாமான் எடுக்க நினைப்பவர் உங்கள் கடைக்கு வரமாட்டார், எதிரே போவார்.

சிறுதொழிலுக்கான உதயம் சான்றுக்கு ஐயாயிரம், முத்ராக் கடனுக்குப் பத்தாயிரம் என்றும் அவர் கேட்பார். உதயம் பதிவுக்கு udyamregistration.gov.in என்ற அரசுத் தளத்தில் ஒரு பைசா கட்டணம் கிடையாது. ஆதார், பான் இரண்டும் கையில் இருந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளையை வைத்தே முடித்துவிடலாம். அதே மாதிரி பெயரில் பணம் கேட்கிற தளங்கள் நிறைய இருப்பதால் முகவரியை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். முத்ராக் கடன் 50,000 வரை சிசு, அதற்கு மேல் ஐந்து லட்சம் வரை கிஷோர், பத்து லட்சம் வரை தருண். எதற்கும் அடமானம் கேட்கக் கூடாது, புரோக்கர் கமிஷனும் கிடையாது. வங்கியில் நாளைக்கு வா, மேனேஜர் லீவு என்று அலைக்கழிப்பார்கள். புரோக்கர் பிழைப்பதே அந்த அலைச்சலில்தான். ஏழைக் கடைக்காரனை நாலு தடவை நடக்கவைக்காமல் ஒரே தடவையில் பதில் சொன்னால் இந்தத் தொழிலே இருக்காது.

உங்களுக்கு வேண்டியது நாலு லட்சம் அல்ல, 50,000க்குள் ஒரு சிசுக் கடன்; அதுவும் துவரம்பருப்பையும் சீனியையும் மூட்டையாக ரொக்கத்துக்கு எடுத்து, கடன் விலைக்கும் ரொக்க விலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடிப்பதற்கு. கணக்கு உள்ள வங்கிக் கிளைக்கே போங்கள். உதயம் சான்று, ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை, கொள்முதல் பில் நாலைந்து கொண்டுபோய், விண்ணப்பத்தைக் கொடுத்ததும் நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் போட மறுத்தால் அதே விண்ணப்பத்தை ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிட்டு, ரசீதைப் பற்று நோட்டுக்குள் பத்திரமாக வையுங்கள்.