சிறிய எண்கள் கொண்ட அட்டவணை: கை-ஸ்கொயரா, ஃபிஷரா?

விகிதங்களை ஒப்பிடுவது பற்றி வந்த கேள்விகளில், அட்டவணையின் ஏதோ ஒரு கட்டத்தில் எண் மிகச் சிறியதாக இருப்பதால் எழுந்தவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

என் 2×2 அட்டவணையில் ஒரு கட்டத்தில் 4 என்று இருக்கிறது. ஐந்துக்குக் கீழே போனால் கை-ஸ்கொயர் கூடாது, ஃபிஷரின் துல்லியச் சோதனைதான் என்கிறார் என் வழிகாட்டி. சரியா?

அந்த ஐந்து என்ற விதி, நீங்கள் எண்ணிப் பார்த்த எண்ணிக்கைக்கு உரியது அல்ல; எதிர்பார்ப்பு எண்ணிக்கைக்கு உரியது. இரு குழுக்களுக்கும் இடையே வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால் அந்தக் கட்டத்தில் எவ்வளவு வந்திருக்க வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு எண்ணிக்கை. நிரையின் கூட்டுத்தொகையை நிரலின் கூட்டுத்தொகையால் பெருக்கி, மொத்தத்தால் வகுத்தால் அது கிடைத்துவிடும்.

1948இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்ட ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய் ஆய்வைப் பாருங்கள். மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் ஆறு மாதங்களுக்குள் இறந்தார்கள். கட்டத்தில் 4 என்று இருக்கிறது. ஆனால் மொத்த இறப்பு 18. எனவே மருந்துக் குழுவில் எதிர்பார்க்கப்படும் இறப்பு 18 × 55 ÷ 107, அதாவது 9.25. மற்றொரு குழுவில் 8.75. இரண்டும் ஐந்துக்கு மேல் என்பதால் இங்கே கை-ஸ்கொயர் தாராளமாகப் பொருந்தும். கட்டத்தில் 4 வந்ததே மருந்து வேலை செய்ததற்கான அடையாளம். அதைச் சோதனையின் குறையாகக் கருதிவிடக் கூடாது. பூஜ்யம் உள்ள கட்டத்துக்கும் இதே பதில்தான்.

மருத்துவ வரலாறு கற்பிக்கிறேன். ஜோசப் லிஸ்டர் கிருமிநாசினி முறைக்கு முன்னும் பின்னும் செய்த உறுப்பு நீக்கச் சிகிச்சைகளின் கணக்கில், மேல் உறுப்புகளை, அதாவது கைகளை, மட்டும் எடுத்துச் சோதித்தேன். கை-ஸ்கொயர் 0.025 என்கிறது, ஃபிஷர் 0.069 என்கிறது. ஒன்று 5 சதவீத வரம்பைத் தாண்டுகிறது, மற்றது தாண்டவில்லை. எதை நம்புவது?

இந்த அட்டவணையில் இரு சோதனைகளின் இயல்பும் அப்பட்டமாகத் தெரிகிறது என்பதால் சற்று நின்று பார்ப்போம். கிளாஸ்கோவில் லிஸ்டர் செய்தவை அவை, 1870இல் வெளியிட்டார். கிருமிநாசினிக்கு முன் 12 பேருக்குக் கை நீக்கப்பட்டது, 6 பேர் இறந்தார்கள். கிருமிநாசினி வந்தபின் 12 பேர், இறந்தது ஒருவர். மொத்தம் 24 பேர், 7 இறப்புகள். குழுக்கள் சம அளவில் இருப்பதால் ஒவ்வொன்றிலும் எதிர்பார்க்கப்படும் இறப்பு 3.5. நான்கு கட்டங்களில் இரண்டு ஐந்துக்குக் கீழே போய்விட்டன.

ஃபிஷர் சோதனை கேட்கும் கேள்வி எளிமையானது. இறக்கப்போகும் 7 பேர் யார் என்பது முன்பே முடிவாகிவிட்டது, கிருமிநாசினியால் ஒரு மாற்றமும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 24 பேரிலிருந்து அந்த 7 பேரைத் தேர்ந்தெடுக்க 3,46,104 வழிகள் உண்டு. இரண்டாம் குழுவில் ஒருவர்கூட வராத வழிகள் 792. சரியாக ஒருவர் வரும் வழிகள் 11,088. இரண்டையும் கூட்டி மொத்தத்தால் வகுத்தால் 0.0343. மறுபக்கத்திலும் இதே அளவு விலகல் நேரலாம் என்பதால் இரட்டிப்பாக்குகிறோம்: 0.0687. உங்கள் ஃபிஷர் எண் வந்த வழி இதுதான். இதில் தோராயம் எதுவும் இல்லை, வெறும் எண்ணிக்கை.

இப்போது அடுத்த படிக்கட்டுகளைப் பாருங்கள். 7 இறப்புகள் இரு குழுக்களுக்கும் பிரிய எட்டே வழிகள்தான்: 7–0, 6–1, 5–2 என்று 0–7 வரை. ஆகவே இரு பக்க பி-மதிப்பாக வரக்கூடியவை நான்கே எண்கள். 7–0 என்றால் 0.0046, 6–1 என்றால் 0.069, 5–2 என்றால் 0.37, 4–3 என்றால் 1. முதல் இரண்டுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. 5 சதவீத வரம்பை வைத்துக்கொண்டு இந்த அட்டவணையைச் சோதிக்கும்போது, 7–0 வந்தால் ஒழிய வேறுபாடு உண்டு என்று ஃபிஷர் சொல்லவே முடியாது. பெயருக்கு 5 சதவீதம் என்றாலும், உண்மையில் அது பிடித்து நிற்பது 0.46 சதவீதத்தில். ஃபிஷரின் இறுக்கம் என்று பலரும் சொல்வதன் காரணம் இந்த இடைவெளிதான்.

கை-ஸ்கொயர் இதற்கு எதிர்ப்பக்கம் சறுக்குகிறது. எட்டே வழிகள் உள்ள இடத்தில் ஒரு வழவழப்பான வளைகோட்டைப் போர்த்தி, அதன் வாலின் பரப்பை அளக்கிறது. 24 × (6×11 − 6×1)² ÷ (12×12×7×17) என்ற கணக்கு 5.04 தருகிறது, வளைகோட்டில் அதற்குரிய பரப்பு 0.025. ஆனால் இறப்பு மொத்தம் 7 என்று நிலைத்திருக்கும்போது, 6–1 அல்லது அதைவிடத் தீவிரமான பிரிவு தற்செயலாக வருவதற்கான உண்மையான வாய்ப்பு 0.069 என்று இப்போதுதான் எண்ணிப் பார்த்தோம். வளைகோடு அதைக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துக் காட்டிவிட்டது.

அப்படியானால் ஃபிஷர்தான் சரி என்று முடித்துவிடலாமா? ஒரு கேள்வி மீதம் இருக்கிறது. மொத்த இறப்பு 7 என்று யார் நிர்ணயித்தார்கள்? 1935இல் ஃபிஷர் விவரித்த தேநீர்ச் சோதனையில் எட்டுக் கோப்பைகள். நான்கில் பால் முதலில் ஊற்றப்பட்டது, நான்கில் தேநீர் முதலில். சுவைப்பவருக்கும் நான்கு, நான்கு என்று தெரியும். அங்கே நிரைத் தொகையும் நிரல் தொகையும் உண்மையிலேயே நிலைத்தவை. லிஸ்டரின் மருத்துவமனையில் அப்படி இல்லை. இறப்பு 3 ஆகவும் இருந்திருக்கலாம், 10 ஆகவும் இருந்திருக்கலாம். 1945இல் ஜார்ஜ் பார்னார்ட் இதைச் சுட்டிக்காட்டி, குழுக்களின் அளவை மட்டும் நிலையாகக் கொள்ளும் வேறொரு துல்லியச் சோதனையை முன்வைத்தார். இந்த வாதம் இன்னும் ஓயவில்லை. என் நிலைப்பாட்டைச் சொல்கிறேன்: இந்த அட்டவணைக்கு 0.025 நம்பத் தகாத அளவு தாராளம், 0.069 தேவைக்கு மேல் கறார். நியாயமான மதிப்பு இரண்டுக்கும் இடையில் இருக்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். இவை முன்னும் பின்னும் எடுத்த கணக்குகள். குலுக்கல் முறையில் பிரித்த குழுக்கள் அல்ல. அந்தக் குறையை எந்தச் சோதனையும் தீர்க்காது. லிஸ்டரே, எல்லா உறுப்பு நீக்கங்களையும் சேர்த்தபோதும் (முன்பு 35இல் 16 இறப்பு, பின்பு 40இல் 6) இந்த எண்கள் திருப்திகரமான புள்ளியியல் ஒப்பீட்டுக்குச் சிறியவை என்று எழுதினார். அந்தப் பெரிய அட்டவணையில் கை-ஸ்கொயர் 0.004 தருகிறது, ஃபிஷர் சுமார் 0.005. எதிர்பார்ப்பு எண்ணிக்கைகள் பத்தைத் தாண்டியதும் சச்சரவு மறைந்துவிடுகிறது.

இதே அட்டவணையை R-இல் போட்டேன். கை-ஸ்கொயர் 0.072 என்று வருகிறது, 0.025 அல்ல. எங்கே பிழை?

பிழை இல்லை. 2×2 அட்டவணைக்கு R தானாகவே யேட்ஸ் திருத்தத்தைச் சேர்த்துவிடும். 1934இல் ஃபிராங்க் யேட்ஸ் கொண்டுவந்த இந்தத் திருத்தம் வளைகோட்டை ஃபிஷரின் விடைக்கு அருகே இழுத்துவரத்தான் ஏற்பட்டது; 0.072, 0.069 இரண்டும் ஒட்டி நிற்பது அதனால்தான். ஃபிஷரின் இறுக்கத்தையும் அது சேர்த்தே கொண்டுவருகிறது. கணினி இல்லாத காலத்தில் அதற்குப் பெரிய பயன் இருந்தது. இன்று ஃபிஷர் விடை வேண்டுமென்றால் ஃபிஷரையே கணக்கிட்டுவிடலாம்.

```
t <- matrix(c(6, 1, 6, 11), nrow = 2)
chisq.test(t)$expected
chisq.test(t, correct = FALSE)
fisher.test(t)
```

இரண்டாவது வரியை முதலில் பாருங்கள். 3.5, 8.5 என்று வரும். அதோடு "Chi-squared approximation may be incorrect" என்ற எச்சரிக்கையும் வரும். அதைப் புறக்கணித்துவிட்டு பி-மதிப்பை மட்டும் நகலெடுப்பவர்கள் அதிகம். அறிக்கையில் திருத்தம் சேர்த்ததா, சேர்க்காததா என்று எழுதாவிட்டால், படிப்பவர் உங்கள் எண்ணைச் சரிபார்க்கவே முடியாது.

இடையில் ஒரு நியாயமான மதிப்பு என்றால் அதை எப்படிக் கணக்கிடுவது? ஆய்வேட்டில் எதை எழுத வேண்டும்?

இரண்டு வழிகள் எளியவை. முதலாவது, சூத்திரத்தில் மொத்த எண் வரும் இடத்தில் 24க்குப் பதில் 23 போடுவது. 5.04 என்பது 4.83 ஆகும், பி-மதிப்பு 0.028. 2007இல் இயன் கேம்ப்பெல் விரிவாக ஒப்பிட்டுப் பரிந்துரைத்தது இது: எல்லா எதிர்பார்ப்பு எண்ணிக்கைகளும் குறைந்தது 1 இருந்தால் இந்த வடிவம், அதற்கும் கீழே போனால் துல்லியச் சோதனை. இரண்டாவது, நடு-பி. கண்ட அட்டவணையின் நிகழ்தகவை முழுதாகச் சேர்க்காமல் பாதியை மட்டும் சேர்ப்பது. 792 உடன் 11,088இன் பாதியைக் கூட்டி, வகுத்து, இரட்டித்தால் 0.037.

ஆனால் பல துறைகளிலும் ஆய்வேடுகளை மதிப்பிடுபவர்கள் எதிர்பார்ப்பது 1954இல் வில்லியம் காக்ரன் தந்த விதியைத்தான்: மொத்தம் 20க்குக் கீழே என்றால் ஃபிஷர்; 20 முதல் 40 வரை என்றால், மிகச் சிறிய எதிர்பார்ப்பு எண்ணிக்கை 5க்குக் கீழே போகும்போது ஃபிஷர். அதைப் பின்பற்றினால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. உண்மையில் உள்ள வேறுபாட்டைத் தவறவிடும் வாய்ப்புதான் சற்றுக் கூடும். எதை எடுத்தாலும், தரவு கைக்கு வருமுன் முடிவு செய்து எழுதிவையுங்கள். நாலைந்து சோதனைகளை ஓட்டி, 0.05க்குக் கீழே வந்ததை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்த 5 சதவீதத்துக்குப் பொருளே இல்லை.

பி-மதிப்போடு நிறுத்தவும் வேண்டாம். லிஸ்டரின் இறப்பு விகிதம் 50 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக இறங்கியது. வேறுபாடு 42 சதவீதப் புள்ளிகள். நியூகோம்ப் முறையில் அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ 5 முதல் 67 வரை. இந்த ஒரு வரி இரண்டு செய்திகளைச் சொல்கிறது: பலன் மிகப் பெரியதாக இருக்கலாம், ஆனால் அதன் அளவு நமக்குச் சரியாகத் தெரியவில்லை. 0.025ஆ 0.069ஆ என்ற சண்டையைவிட வாசகருக்கு இது எவ்வளவோ மேல். ஃபிஷர் 0.05க்கு மேல் நிற்க, இந்த இடைவெளி பூஜ்யத்தைத் தொடாமல் இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். இரண்டும் வெவ்வேறு கணக்கு முறைகள்.

என் அட்டவணை 4×5. பல கட்டங்களில் எதிர்பார்ப்பு எண்ணிக்கை 2, 3 என்று இருக்கிறது. ஃபிஷர் ஓட்டினால் R பிழை காட்டி நின்றுவிடுகிறது.

பெரிய அட்டவணைக்கு விதி சற்றுத் தளர்வானது. ஐந்துக்குக் கீழே உள்ள கட்டங்கள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், எதுவும் 1க்குக் கீழே இறங்காமல் இருந்தால் கை-ஸ்கொயர் போதும். அதைத் தாண்டினால், எல்லா அட்டவணைகளையும் எண்ணுவதற்குப் பதில் கணினி தற்செயலாகப் பல ஆயிரம் அட்டவணைகளை உருவாக்கிப் பார்க்கும் வழி இருக்கிறது:

```
fisher.test(t, simulate.p.value = TRUE, B = 100000)
```

வகைகளை ஒன்றாகச் சேர்த்துச் சுருக்குவதும் உண்டு. அது பொருள் சார்ந்து இருக்க வேண்டும்: 'ஓரளவு' என்பதையும் 'மிகவும்' என்பதையும் சேர்க்கலாம்; ஊரகத்தையும் வெளிநாட்டையும் சேர்க்க முடியாது. எதைச் சேர்த்தால் முடிவு சாதகமாகும் என்று பார்த்துச் சேர்ப்பது கூடவே கூடாது.

20 நோயாளிகளுக்கு, பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒரே சோதனை செய்தேன். தேறியவர், தேறாதவர் என்று 2×2 போட்டால் எண்கள் சிறியவை. ஃபிஷர் சரிதானே?

இல்லை, கை-ஸ்கொயரும் இல்லை. இரண்டுமே வெவ்வேறு ஆட்களைக் கொண்ட குழுக்களுக்கு உரியவை; உங்கள் 20 பேரும் இரு பக்கமும் இருக்கிறார்கள். மெக்நெமார் சோதனையின் துல்லிய வடிவத்தைப் பயன்படுத்துங்கள். நிலை மாறியவர்களை மட்டும் எடுத்தால் போதும். 8 பேர் மாறினார்கள், 7 பேர் தேறாததிலிருந்து தேறியதற்கு, ஒருவர் எதிர்த்திசையில் என்று வைத்துக்கொள்வோம். எட்டு முறை நாணயம் சுண்டி 7–1 அல்லது அதைவிடத் தீவிரமாக விழும் வாய்ப்பு இரு பக்கமும் சேர்த்து 18 ÷ 256, அதாவது 0.07. மாறாத 12 பேர் இந்தக் கணக்கில் நுழைவதே இல்லை.