போன் வீடியோவில் சினிமா தோற்றம்: ஷட்டரை உங்கள் கையில் எடுங்கள்

கேள்வி: போனில் 24 ஃப்ரேம் வைத்து, எக்ஸ்போஷரையும் லாக் பண்ணித்தான் எடுக்கிறேன். அப்படியும் சினிமா மாதிரி வராமல் வெடுக் வெடுக்கென்று இருக்கிறது. நடந்துகொண்டே எடுத்தால் ஸ்டெபிலைசேஷன் போட்டும் படம் ஒரு மாதிரி துடிக்கிறது. என்ன செட்டிங் வைக்கணும்?

பதில்:

உங்கள் ஃப்ரேம் ரேட்டில் குறை இல்லை. இரண்டு பிரச்சினைக்கும் காரணம் ஷட்டர் வேகம்தான். திரையில் விரலை அழுத்திப் பிடித்து லாக் செய்தால், அந்த நேரத்தில் போன் தானாகத் தேர்ந்தெடுத்திருந்த ஷட்டர் வேகம் அப்படியே நின்றுவிடும். மதிய வெயிலில் அது 1/1000 வினாடியைத் தாண்டியிருக்கும். பெரும்பாலான போன்களில் லென்ஸின் துவாரத்தை மாற்ற முடியாது என்பதால், வெளிச்சம் கூடினால் போனுக்கு ஷட்டரை வேகப்படுத்துவதைத் தவிர பெரிதாக வழியில்லை.

ஒரு டீக்கடையில் மாஸ்டர் டீ ஆற்றுவதை எடுத்துப் பாருங்கள். 1/1000-இல் டீ துளித்துளியாக உடைந்து அந்தரத்தில் நிற்கும். 1/50-இல் அதே டீ ஒரே இழையாக ஓடும், வீசுகிற கையின் ஓரம் லேசாகக் கலங்கும். அந்தக் கலங்கல்தான் ஒரு ஃப்ரேமை அடுத்ததோடு இழைக்கிறது. அது இல்லாவிட்டால் வினாடிக்கு 24 தனித்தனி ஸ்டில் படங்களாகத்தான் கண்ணுக்குத் தெரியும். சினிமா கேமராக்களில் வழக்கமாக ஒரு ஃப்ரேமுக்கான நேரத்தில் பாதிதான் ஷட்டர் திறந்திருக்கும். 24 ஃப்ரேமுக்கு 1/48, 25-க்கு 1/50.

நம் ஊருக்கு நான் சொல்வது 25 ஃப்ரேம், 1/50. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் டியூப்லைட்டும் பல எல்இடி விளக்குகளும் வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. 1/50 வினாடியில் அந்தத் துடிப்பு சரியாக இரண்டு முழுச் சுற்று முடிந்துவிடும், எல்லா ஃப்ரேமுக்கும் ஒரே அளவு வெளிச்சம் கிடைக்கும். 1/60 வைத்தால் கடைச் சுவரில் கருப்புப் பட்டைகள் மெதுவாக ஊர்வதைப் பார்க்கலாம். 24 ஃப்ரேம்தான் வேண்டுமென்றாலும் ஷட்டர் 1/50-லேயே இருக்கட்டும். ஐபோனில் 25 ஃப்ரேம் தெரியவில்லை என்றால், Settings-இல் Camera, Record Video போய் Show PAL Formats-ஐ ஆன் செய்யுங்கள்.

ஷட்டரை நீங்களே வைக்க ஐபோனின் சொந்த கேமரா ஆப் இடம் தராது. இலவசமாகக் கிடைக்கும் Blackmagic Camera போதும். சாம்சங்கின் உயர்ரக மாடல்களில் Pro Video இருக்கிறது. முதலில் ஷட்டரை 1/50-இல் நிறுத்துங்கள். பிறகு முகத்தின் வெளிச்சம் சரியாக வரும்வரை, சென்சாரின் உணர்திறனான ஐஎஸ்ஓவை மட்டும் ஏற்றி இறக்குங்கள். ஒயிட் பேலன்ஸையும் ஆட்டோவில் விடாதீர்கள். யாராவது சிவப்புச் சட்டையோடு குறுக்கே போனாலே காட்சியின் நிறம் மாறிவிடும்.

வெயிலில் இதைச் செய்தால் படம் வெளுத்துப்போகும். f/1.8 லென்ஸ், ஐஎஸ்ஓ 50, ஷட்டர் 1/50 என்று வைத்துக் கணக்குப் போட்டால் உச்சி வெயிலுக்கு ஏறத்தாழ ஆறு ஸ்டாப் வெளிச்சம் கூடுதல், ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு. அதை வெட்ட லென்ஸ் முன்னால், வெளிச்சத்தை 64-இல் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி 64 ஃபில்டர் வேண்டும். இதற்கு ஆப்பில் மாற்று வழி கிடையாது, காசு செலவழித்தே ஆக வேண்டிய இடம் இதுதான்.

இனி நடக்கும்போது படம் துடிப்பது. இங்கே சிக்கல் தலைகீழ்: வெளிச்சம் குறைந்த இடத்தில் ஷட்டர் மெதுவாக இருப்பது. எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசேஷன் படத்தின் ஓரங்களைக் கொஞ்சம் வெட்டிவிட்டு, ஒவ்வொரு ஃப்ரேமையும் நகர்த்தி நேராக்குகிறது. ஆனால் ஷட்டர் திறந்திருந்தபோது கை குலுங்கியதால் விழுந்த கலங்கலை அதனால் எடுக்க முடியாது. ஆக, காட்சி அசையாமல் நிற்கும், ஒவ்வொரு காலடிக்கும் ஒருமுறை மங்கித் தெளியும். சந்தேகமிருந்தால் வீடியோவை நிறுத்தி ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பாருங்கள். கடைப் போர்டின் எழுத்து ஒரு ஃப்ரேமில் கூர்மையாகவும் அடுத்ததில் இரட்டையாகவும் இருந்தால் இதேதான். கூகுளில் தேடினால் பலரும் ஸ்டெபிலைசேஷனைக் கூட்டச் சொல்வார்கள், அதனால் வெட்டுதான் அதிகமாகும்.

கையில் பிடித்து நடக்கும் ஷாட்டுக்கு மட்டும் ஷட்டரை 1/100 ஆக்குங்கள். காலடிக் கலங்கல் பாதியாகும், விளக்குத் துடிப்பின் ஒரு முழுச் சுற்றும் அதில் அடங்குவதால் பட்டையும் வராது. ஐஎஸ்ஓவை இரண்டு மடங்காக ஏற்ற வேண்டியிருக்கும், இரவில் நாய்ஸ் கொஞ்சம் கூடும். 1/50-ஐ விட மனமில்லை என்றால், கைக் குலுக்கல் போனுக்குப் போகாமல் தாங்கும் கிம்பல்தான் வழி.

ட்ரைபாடில் வைத்துவிட்டால் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். கேமராவைப் பக்கவாட்டில் திருப்பி மெதுவாகப் பேன் செய்யும்போது அது உங்கள் அசைவையும் நடுக்கம் என்று நினைத்துப் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு சட்டென்று விடும். பேனின் வேகமும் முக்கியம்: 24, 25 ஃப்ரேமில் ஒரு பொருள் திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போக ஏழு வினாடியாவது ஆக வேண்டும். அதைவிட வேகமாகத் திருப்பினால் ஷட்டர் சரியாக இருந்தாலும் படம் வெட்டி வெட்டித்தான் போகும்.