குடித்துவிட்டுப் படுத்தால் அறை சுற்றுவது ஏன்?

"வயது 34. சனிக்கிழமை இரவு ஒரு குவார்ட்டர் பிராந்தி குடிப்பேன். உட்கார்ந்திருக்கும்வரை ஒன்றுமில்லை, படுத்துக் கண்ணை மூடினால் அறையே சுற்றுகிறது. விடியற்காலையிலும் சுற்றுகிறது. ஏப்பமும் அதிகம். பக்கவாதத்தின் அறிகுறி என்று இணையத்தில் படித்தேன். நண்பர் தந்த தலைச்சுற்றல் மாத்திரை போடுகிறேன். ஸ்கேன் எடுக்க வேண்டுமா?"

வேண்டாம். குடித்த இரவில், படுத்தால் மட்டும் வரும் சுற்றல் பக்கவாதம் அல்ல. ஏப்பத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

உள்காதின் அரைவட்டக் குழாய்களில் ஒரு திரவம் நிரம்பியிருக்கிறது. அதனுள் கப்யூலா என்ற கூழ் போன்ற சிறு தடுப்பு நிற்கிறது. இரண்டும் ஒரே அடர்த்தி என்பதால், தலையைத் திருப்பினால்தான் கப்யூலா சாயும், படுத்தால் சாயாது. மதுவோ தண்ணீரைவிட லேசானது. ரத்தக் குழாய்களுக்கு அருகில் இருக்கும் கப்யூலாவுக்குள் அது முதலில் போய்ச் சேரும், திரவத்துக்குள் தாமதமாகத்தான். லேசாகிவிட்ட கப்யூலா, நீங்கள் ஒருக்களித்துப் படுத்ததும் மிதவைபோல மேலே எழும்பிச் சாய்கிறது. தலை சுழல்வதாக மூளை நம்பிவிடும். பக்கத்தில் இருப்பவர் உங்கள் கண்ணைப் பார்த்தால், விழி மெல்ல ஒரு பக்கம் நகர்ந்து வெடுக்கென்று திரும்புவது தெரியும்.

இரவு 9 மணிக்குக் குடித்தால் அரை மணி நேரத்தில் இது தொடங்கலாம். நள்ளிரவு தாண்டி திரவத்திலும் மது ஏறியதும் சுற்றல் அடங்கும். விடியற்காலையில் மது கப்யூலாவிலிருந்து முதலில் வெளியேறுகிறது; இப்போது அதுதான் கனமானது. அதனால் சுற்றல் எதிர்த்திசையில் திரும்பி வருகிறது. ரத்தத்தில் மது தீர்ந்த பிறகும் சில மணி நேரம் நீடிக்கும். காலையில் ஒரு பெக் போட்டால் தணிவது கப்யூலா மறுபடி லேசாவதால்தான். அது வைத்தியமில்லை, கடனைத் தள்ளிப்போடுவது.

கண்ணை மூடாதீர்கள். அசையாத ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தால் விழியின் ஓட்டம் ஓரளவு அடங்கும். விளக்கு எரியட்டும், தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்காருங்கள், ஒரு பாதம் தரையில் படட்டும். தூங்கும்போது மட்டும், சுற்றல் கூடினாலும் சரி, ஒருக்களித்தே படுங்கள். மல்லாந்து கிடந்து வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாயில் போய்விடலாம்.

அந்த மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள். அது பீட்டாஹிஸ்டின் என்றால், கப்யூலாவின் எடையை மாற்றாது. புரோகுளோர்பெரசின் என்றால் மதுவோடு சேர்ந்து தூக்கத்தை ஆழமாக்கும். வாந்தி வரும்போது விழிப்பு வராமல் போகலாம். எந்த மாத்திரை என்றே எழுதவில்லையே, அதுதான் எனக்குக் கோபம்.

நீங்கள் பயப்பட வேண்டிய அறிகுறி ஒன்று உண்டு. மறுநாள் மாலை ஆகியும், அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதே சுற்றி, பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாமல் போவது. காதுக் கோளாறில் தள்ளாடினாலும் பெரும்பாலும் நிற்க முடியும். சிறுமூளையில் ரத்தம் தடைபட்டால் பலரால் முடியாது. கூடவே பேச்சு குழறினாலோ பார்ப்பது இரண்டாகத் தெரிந்தாலோ சந்தேகமே வேண்டாம். மதுவும் சிறுமூளையைத்தான் குழப்புகிறது என்பதால், 'போதை இன்னும் தெளியவில்லை' என்று வீட்டார் படுக்க வைத்துவிடுவார்கள். அப்படி விடாமல் உடனே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். ஸ்கேன் அப்போதுதான்.