உடனே விற்க வருபவர் யார்? சந்தை விலையாளர்கள் குறித்த கேள்வி பதில்

செல்வி, ஈரோடு: நான் பங்கு வாங்க ஆர்டர் போட்ட நொடியிலேயே யாரோ விற்றுவிடுகிறார்களே, அவர் யார்?

பெரும்பாலும், வாங்குவதற்கும் விற்பதற்கும் ஒரே நேரத்தில் விலை வைத்துக் காத்திருக்கும், சந்தை விலையாளர் எனப்படும் நிறுவனத்தின் கணினி. ஒரு பங்கை 500.00 ரூபாய்க்கு வாங்கவும் 500.10 ரூபாய்க்கு விற்கவும் அது தயாராக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் காத்திராமல் 100 பங்குகள் வாங்கினால், நடுவிலையைவிட 5 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். அதுவே அதன் கூலி. கெட்ட செய்தியை முன்பே அறிந்த ஒருவர் பழைய விலையில் அதன் தலையில் பங்குகளைக் கட்டிவிடலாம் என்பதால், விலையை நொடியின் சிறு பகுதிக்குள் மாற்ற அதற்கு வேகம் தேவைப்படுகிறது. இப்படிப் பலர் போட்டியிடும் பெரிய பங்குகளில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி சில பைசாக்களாகச் சுருங்குகிறது. இது சிறு முதலீட்டாளருக்கு உண்மையான நன்மை. ஆனால் சந்தை கலங்கும்போது அவர்கள் விலகிக்கொள்ளலாம், பொதுவாக எந்தச் சட்டமும் அவர்களைத் தடுப்பதில்லை.

ரமேஷ், மதுரை: பங்குச் சந்தை வளாகத்திலேயே சர்வர் வைத்திருப்பவர்கள் என் ஆர்டரைப் பார்த்து முந்திக்கொள்கிறார்கள். நீண்டகால முதலீட்டாளர் நட்டப்படுவதும் இதனால்தானே?

பாதி சரி. அவர்களுக்குத் தகவல் முன்னதாகக் கிடைக்கிறது. ஆனால் சந்தைக்கு வந்துசேராத உங்கள் ஆர்டரை அவர்களால் பார்க்க முடியாது. துண்டு துண்டாகப் பல மணி நேரம் வாங்கும் பரஸ்பர நிதியின் தடத்தைத்தான் அவர்களால் மோப்பம் பிடிக்க முடியும், அதனால் நிதிக்கு ஏறும் செலவில் ஒரு பகுதி அதில் பணம் போட்டவர்களையும் சேரும். பத்தாண்டு வைத்திருப்பவருக்கு அது சிறு தொகையே.

பிரகாஷ், சென்னை: வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டியின் ஆப்ஷனில் தொடர்ந்து இழக்கிறேன். நானே விலை வரம்பு சொல்லும் லிமிட் ஆர்டர் போட்டால் சரியாகுமா?

ஆகாது. லிமிட் ஆர்டர் விலை இடைவெளியை மட்டுமே மிச்சப்படுத்தும். உங்கள் சிக்கல் எதிரே இருப்பவர் யார் என்பதில் இருக்கிறது. சந்தைக் கட்டுப்பாட்டாளரான செபியின் ஆய்வின்படி 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர், ஆப்ஷன் எனும் எதிர்கால விலை ஒப்பந்தங்களில் வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் இழந்தார்கள்.

2024 ஜனவரி 17ஆம் தேதியைப் பாருங்கள். செபியின் 2025 ஜூலை இடைக்கால உத்தரவின்படி, அமெரிக்க வணிக நிறுவனமான ஜேன் ஸ்ட்ரீட்டின் குழுமம் அன்று காலை சுமார் 4,370 கோடி ரூபாய்க்கு வங்கிப் பங்குகளையும் ஃபியூச்சர்களையும் வாங்கி, குறியீட்டைத் தாங்கிப் பிடித்தது. அதே வேளையில், குறியீடு இறங்கினால் லாபம் தரும் ஆப்ஷன்களை அதைவிடப் பன்மடங்கு குவித்தது. பிற்பகலில் பங்குகளை விற்றுச் சுமார் 62 கோடி இழந்தது, ஆப்ஷன்களில் சுமார் 735 கோடி ஈட்டியது. காலை விலையை நம்பி ஆப்ஷன் வணிகம் செய்தவர்களுக்கு, அந்த விலை எதற்காக அங்கே நிற்கிறது என்பதை அறிய வழியே இல்லை. நிறுவனம் இதை மறுத்து, விலை வேறுபாட்டைப் பயன்படுத்தும் வழக்கமான வணிகமே என்று கூறி, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகியது. விலை சொல்லிக் காத்திருப்பதும் விலையைத் தள்ளுவதும் வெவ்வேறு தொழில்கள் என்றே நான் கருதுகிறேன். ஆனால் ஒரே நிறுவனம் இரண்டையும் செய்யும்போது, வெளியிலிருந்து கோடு கிழிப்பது கடினம்.